ஒரு புள்ளி வைத்தால் கோபம், மூன்று வைத்தால் தயக்கம்: தமிழாக்கத்தில் இவற்றை என்ன செய்வது?

கதிர்மொழி

ஒரு குறுநாவலைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். அதில் ஓர் அத்தியாயம் முழுக்க அக்காவும் தங்கையும் கைபேசியில் அனுப்பிக்கொள்ளும் குறுஞ்செய்திகள்தான். வருணனை ஒரு வரிகூடக் கிடையாது. யார் முகம் சுளித்தார்கள், யார் பெருமூச்சு விட்டார்கள் என்று ஆசிரியர் எங்குமே சொல்வதில்லை. அத்தனையையும் நிறுத்தக்குறிகளின் தலையில் கட்டிவிட்டார். தங்கை அனுப்பும் மூன்று செய்திகள் இவை, வேறு வேறு பக்கங்களிலிருந்து:

```
Fine.
I was going to call you, but...
I am NOT angry.
```

முதல் வரைவில் "சரி.", "உன்னை அழைக்கலாம் என்று இருந்தேன், ஆனால்...", "எனக்குக் கோபம் இல்லை." என்று எழுதினேன். படித்துப் பார்த்தால் மூன்றும் நல்ல பிள்ளை பேசுவதுபோல இருக்கின்றன. மூலத்தில் இருக்கும் கடுகடுப்பு எங்கே போயிற்று என்றே தெரியவில்லை. போதாக்குறைக்குப் பதிப்பகத்தில் மெய்ப்புப் பார்த்தவர், புள்ளியில்லாத எல்லாச் செய்திகளுக்கும் முற்றுப்புள்ளி வைத்து அனுப்பியிருக்கிறார். இப்போது அக்கா யார், தங்கை யார் என்பதே புரியவில்லை. முதல் வரியின் முற்றுப்புள்ளி, இரண்டாம் வரியின் மூன்று புள்ளி, மூன்றாம் வரியில் பெரிய எழுத்தில் இருக்கும் சொல், இந்த மூன்றையும் எப்படிக் கையாளுவீர்கள்?

ஏட்டுச்சுவடி

இதில் குழம்புவதற்கு ஒன்றுமில்லை. முற்றுப்புள்ளி நம்முடையதே அல்ல. ஓலைச்சுவடியில் நிறுத்தக்குறி கிடையாது. மெய்யெழுத்தின் தலையில் வைக்க வேண்டிய புள்ளியையே பெரும்பாலும் விட்டுவிட்டுத்தான் எழுதினார்கள். அச்சு வந்த பிறகு ஐரோப்பியரிடமிருந்து வாங்கிக்கொண்டது இது. நமக்கு வாக்கியம் எங்கே முடிகிறது என்பதை வினைமுற்று சொல்லிவிடும். "வருகிறேன்" என்று சொன்ன பிறகு புள்ளி வைத்தால் என்ன, வைக்காவிட்டால் என்ன? தமிழில் புள்ளிக்கு உணர்ச்சி கிடையாது. எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள்.

நிழல்வரி

ஏட்டுச்சுவடி சொன்ன வரலாறு சரி, முடிவு சரியில்லை. ஜப்பானிய மொழியிலும் வினை வாக்கியத்தின் கடைசியில்தான் வரும். அங்கேயும் வினையே முடிவைக் காட்டிவிடும். அப்படியிருந்தும் பெரியவர்கள் செய்தியின் இறுதியில் வைக்கும் சிறு வட்டம் தங்களை அதட்டுவதுபோல இருக்கிறது என்று இளைஞர்கள் சொல்கிறார்கள். அதற்கு "மாருஹாரா" என்று பெயரே வைத்துவிட்டார்கள். வட்டத்தால் செய்யும் தொல்லை என்று பொருள். எனவே வினைமுற்றைக் காரணம் காட்டிப் புள்ளிக்கு விடைகொடுத்துவிட முடியாது.

காரணம் வேறு இடத்தில் இருக்கிறது. அமெரிக்காவின் பிங்ஹாம்டன் பல்கலைக்கழகத்தில் 126 மாணவர்களிடம் செய்த ஓர் ஆய்வு 2015-இல் வெளிவந்தது. ஓர் அழைப்பு, அதற்கு ஒற்றைச் சொல்லில் ஒரு பதில். பதிலின் முடிவில் புள்ளி இருந்தால், புள்ளி இல்லாத அதே பதிலைவிட அதில் மனப்பூர்வம் குறைவு என்று மாணவர்கள் மதிப்பிட்டார்கள். அதே உரையாடலைக் கையால் எழுதிய காகிதத் துண்டாகக் காட்டியபோது இந்த வேறுபாடு வரவில்லை. புள்ளிக்கென்று தனியாக ஒரு குணம் இருந்திருந்தால் காகிதத்திலும் அது தெரிந்திருக்க வேண்டும் அல்லவா?

கைபேசியில், அனுப்பும் பொத்தானை அழுத்துவதே முற்றுப்புள்ளி. அதற்கு மேலும் ஒருவர் புள்ளி வைக்கிறார் என்றால், அது வேலையில்லாத இடத்தில் வந்து நிற்கும் ஆள். பார்ப்பவர் ஏன் என்று யோசிப்பார். ஆனால் எப்போதுமே புள்ளி வைக்கும் ஒருவர் வைத்தால் யாரும் யோசிக்க மாட்டார்கள். கதிர்மொழி, மொழிபெயர்ப்பதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். அந்த அத்தியாயத்தில் அக்கா எத்தனை செய்தி அனுப்புகிறாள், எத்தனையில் புள்ளி இருக்கிறது. தங்கை எத்தனை, அவற்றில் எத்தனை என்று எண்ணுங்கள். பழக்கத்தை மீறிய இடங்கள் மட்டும்தான் நீங்கள் தமிழுக்குக் கொண்டுவர வேண்டியவை.

ஓய்வுபெற்றவன்

நான் மொழிபெயர்ப்பாளன் அல்ல, ஆனால் தலைப்பைப் பார்த்ததும் என் கதை நினைவுக்கு வந்தது. மூன்று புள்ளிகளுக்கு முன் இடைவெளி விட வேண்டுமா, பின்னால் விட வேண்டுமா என்பதைத்தானே கேட்கிறீர்கள்? நான் எப்போதும் பின்னால்தான் விடுவேன்.

என் மருமகளுக்குத் தமிழ் தெரியாது. நான் தமிழில் அனுப்புவதைக் கைபேசியில் இருக்கும் மொழிபெயர்ப்பு வசதியால் ஆங்கிலத்தில் படித்துக்கொள்வாள். சென்ற மாதம் "சரி... வாருங்கள்... குழந்தையையும் அழைத்து வாருங்கள்..." என்று மகிழ்ச்சியோடு அனுப்பினேன். அவள் என் மகனிடம், "நாம் வருவதில் மாமாவுக்கு விருப்பமில்லை போலிருக்கிறது" என்று வருந்தியிருக்கிறாள். நான் என்ன தவறு செய்தேன் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

பொத்தான்

ஐயா, நீங்கள் தவறு எதுவும் செய்யவில்லை. இடைவெளியும் காரணமில்லை. ஒரு நினைப்பிலிருந்து அடுத்த நினைப்புக்குப் போகும்போது மூச்சு விடும் இடத்தில் நீங்கள் மூன்று புள்ளி வைக்கிறீர்கள். கடிதம் எழுதிப் பழகிய பலர் இப்படித்தான் எழுதுவார்கள். உங்களுக்கு அது வெறும் பிரிப்பான். உங்கள் மருமகள் வயதுள்ளவர்கள் வேறு செய்தியைத் தொடங்கித்தான் நினைப்பைப் பிரிப்பார்கள். அவர்களுக்கு மூன்று புள்ளி என்றால் சொல்லாமல் விட்டது ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். மொழிபெயர்ப்புக் கருவி சொற்களை மாற்றியது, புள்ளிகளை அப்படியே தூக்கிக்கொண்டு போய் அங்கே வைத்துவிட்டது. "சரி, சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன், வந்தால் வாருங்கள்" என்று அவர் காதில் விழுந்திருக்கும்.

நான் மென்பொருள்களின் திரைச்சொற்களைத் தமிழாக்குபவன். குறியை அப்படியே நகலெடுப்பதுதான் எங்கள் வேலையிலும் பெரும்பாலான பிழைகளுக்கு மூலம். பெரிய எழுத்தைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன். அதில் எனக்கு ஒரு பழைய காயம் இருக்கிறது.

நிழல்வரி

ஐயாவின் கதை இழைக்கு வெளியே போனதுபோலத் தெரிந்தாலும் விஷயத்தின் நடுவில்தான் இருக்கிறது. மூன்று புள்ளி மூலத்தில் என்ன வேலை செய்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். ஐயா வைத்ததுபோலப் பிரிப்பானாக இருந்தால் எடுத்துவிட்டு இரண்டு வாக்கியங்களாக எழுதிவிடலாம். கதிர்மொழியின் இரண்டாம் வரியில் இருப்பது அதுவல்ல. அங்கே பேச்சு உண்மையாகவே பாதியில் நிற்கிறது.

தமிழில் சிக்கல் வருவது இங்கேதான். நான் படங்களுக்கு அடியில் வரும் வசன வரிகளை எழுதுகிறவன், இந்தச் சிக்கலோடு தினமும் குடும்பம் நடத்துகிறேன். ஆங்கிலத்தில் வினையும் மறுப்பும் முதலில் வந்துவிடும், செயப்படுபொருள் பின்னால் வரும். ஒருவர் அந்த வீட்டைப் பிடிக்கவில்லை என்று சொல்ல வந்து பாதியில் நிறுத்துகிறார் என்று வையுங்கள். "எனக்குப் பிடிக்கவில்லை" என்பது வெளியே வந்துவிட்டது. எது பிடிக்கவில்லை என்பதுதான் புள்ளிகளுக்குள் மறைகிறது. அதை நம் வரிசையில் எழுதி வெட்டினால் "எனக்கு அந்த வீட்டைப் பிடிக்க..." என்று நிற்கும். பிடிக்குமா, பிடிக்காதா? மறைக்க வேண்டியதைச் சொல்லிவிட்டோம், சொல்ல வேண்டியதை மறைத்துவிட்டோம். ஆங்கிலப் புள்ளிகள் தயக்கத்தைக் காட்டின; நம் புள்ளிகள் புதிர் போடுகின்றன.

அதனால் வெட்டுவதற்கு முன் வாக்கியத்தைத் திருப்பிப் போட வேண்டும். பேச்சில் நாம் வினையை முன்னால் போட்டுவிட்டு மற்றதைப் பின்னால் இழுப்பது உண்டு. "எனக்குப் பிடிக்கவில்லை, அந்த..." என்றால் ஆங்கிலத்தில் எது திறந்திருந்ததோ அதுவே இங்கும் திறந்திருக்கும்.

உங்கள் வரிக்கு வருகிறேன். "ஆனால்..." என்று தொங்கவிட்டது எனக்கு மொழிபெயர்ப்பு வாடை அடிக்கிறது. நாம் இப்படி நழுவும்போது "ஆனால்" என்பதற்குப் பதில் "தான்" போடுவோம். "உன்னை அழைக்கலாம் என்றுதான் இருந்தேன்" என்று சொன்னாலே அழைக்கவில்லை என்பதும், காரணத்தைச் சொல்ல மனமில்லை என்பதும் வந்துவிடுகின்றன. அந்தத் "தான்" இருக்கும்போது மூன்று புள்ளி தேவையா என்று யோசியுங்கள். நான் எடுத்துவிடுவேன்.

ஏட்டுச்சுவடி

பாருங்கள், கடைசியில் நீங்களும் புள்ளியை எடுக்கத்தானே சொல்கிறீர்கள்!

நிழல்வரி

எடுக்கச் சொல்கிறேன், ஆனால் அதன் வேலையை இன்னொருவரிடம் ஒப்படைத்த பிறகு. நீங்கள் வேலையையும் சேர்த்து நிறுத்தச் சொல்கிறீர்கள்.

ஒப்படைப்பதிலும் அளவு தவறலாம். ஆங்கிலத்தில் "பார்ப்போம்" என்று சொல்லி மூன்று புள்ளி வைத்தால் அது பாதி மறுப்பு. நாம் "பார்க்கலாம்" என்று சொன்னாலே முக்கால் மறுப்பு. அதற்குப் பிறகும் புள்ளிகளை வைத்தால் கதவைச் சாத்தித் தாழ்ப்பாளும் போட்டதாகிவிடும். அந்த இடத்தில் புள்ளி வேண்டாம் என்பது என் கருத்து.

மெய்ப்புக்காரி

கதிர்மொழி குறை சொன்ன அந்த மெய்ப்புத்திருத்துநர் நான் அல்ல, ஆனால் அதே தொழிலில் இருக்கிறேன். எங்கள் பக்கத்தையும் கேளுங்கள். புள்ளியில்லாத வரியைக் கண்டால் அது ஆசிரியர் வேண்டுமென்று விட்டதா, தட்டச்சில் விழுந்துபோனதா என்று எங்களுக்கு எப்படித் தெரியும்? ஒரு பக்கத்தில் ஒரு வரிக்கு மட்டும் இல்லையென்றால் பிழை என்றுதான் நினைப்போம். அத்தியாயம் முழுவதற்கும் இல்லையென்றால் ஒரு தொலைபேசி அழைப்பாவது செய்வோம். கையெழுத்துப் படியின் முதல் பக்கத்தில் ஒரு குறிப்பு எழுதியிருந்தால் யாரும் கை வைத்திருக்க மாட்டார்கள்.

இன்னொன்று. "சரி." என்று அச்சில் படிக்கும் வாசகருக்கு அந்தப் புள்ளி கண்ணிலேயே படாது. புத்தகத்தில் எல்லா வரியும் புள்ளியோடுதான் முடிகிறது. நிழல்வரி சொன்ன காகிதத் துண்டு ஆய்வு அதைத்தானே காட்டுகிறது? நீங்கள் மொழிபெயர்ப்பது கைபேசிச் செய்தியை. ஆனால் அது வந்து உட்காரப்போவது காகிதத்தில்.

நிழல்வரி

இது எனக்குத் தோன்றவில்லை. நல்ல கேள்வி. அப்படியானால் "சரி" விஷயத்தில் புள்ளியை மட்டும் நம்ப முடியாது. தங்கை மற்ற இடங்களில் "சரிக்கா" என்று விளியோடு எழுதுவதாக வைத்துக்கொண்டு, இந்த ஓர் இடத்தில் மட்டும் "சரி." என்று விளியை அறுத்துவிடலாம். "அக்கா" காணாமல் போனால் தமிழ் வாசகருக்குச் சுருக்கென்று உறைக்கும். புள்ளியும் இருக்கட்டும், பார்ப்பவர் பார்க்கட்டும்.

கதிர்மொழி

எண்ணிவிட்டேன். அக்கா அனுப்புவது 33 செய்திகள், புள்ளி இல்லாதது ஒன்றே ஒன்று. தங்கை அனுப்புவது 41 செய்திகள், அவற்றில் இரண்டில் மட்டும்தான் இறுதியில் புள்ளி இருக்கிறது. அந்த இரண்டுமே நான் முதலில் கொடுத்த பட்டியலில் இருக்கின்றன: முதல் வரியும் மூன்றாம் வரியும்.

அக்காவின் புள்ளியில்லாத அந்த ஒரு செய்தியை இத்தனை நாள் நான் கவனிக்கவே இல்லை. அம்மா விழுந்துவிட்டாள், வீட்டுக்கு வா என்று சொல்வது அது. காற்புள்ளிகூட இல்லை. 32 முறை இலக்கணப் பிழையில்லாமல் எழுதும் பெண், அங்கே மட்டும் கை நடுங்க அனுப்பியிருக்கிறாள். புள்ளி வைத்ததைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம், இங்கே வைக்காததுதான் அழுகிறது.

சரி, பெரிய எழுத்தை என்ன செய்வது?

பொத்தான்

என் காயத்தைச் சொல்லும் நேரம் வந்துவிட்டது. வாடிக்கையாளர்களுக்கு அனுப்பும் எச்சரிக்கைச் செய்திகள் ஒரு கட்டாக வந்தன. அனைத்தும் பெரிய எழுத்தில். முதல் வரைவை இயந்திரம் செய்யும், நான் திருத்த வேண்டும் என்பது ஏற்பாடு. "அழைத்தது யார் என்று எங்களுக்குத் தெரிவியுங்கள்" என்பதுதான் ஒரு செய்தியின் பொருள். மூலம் இப்படி இருந்தது:

```
TELL US WHO CALLED
```

பெரிய எழுத்தில் எழுதினால் "எங்களுக்கு" என்ற சொல்லும் ஒரு நாட்டின் சுருக்கப் பெயரும் ஒன்றாகிவிடும். "யார்" என்ற சொல்லும் ஓர் அமைப்பின் சுருக்கப் பெயரும் ஒன்றாகிவிடும். வரைவில் அமெரிக்காவும் உலக சுகாதார அமைப்பும் வந்து உட்கார்ந்திருந்தன. இது சிரித்துவிட்டுப் போகக்கூடியது. ஆபத்தானது, பெரிய எழுத்தில் இருந்த ஒற்றைச் சொல் தமிழில் சத்தமில்லாமல் மற்ற சொற்களோடு கலந்துவிடுவது. யாருக்கும் தெரியாது, படித்தால் சரியாகவே இருக்கும். அதனால் இப்போதெல்லாம் மூலத்தை முதலில் சிறிய எழுத்துக்கு மாற்றிக்கொள்கிறேன். வாக்கியத்துக்குள் தனியாகப் பெரிதாக்கிய சொற்களை மட்டும் மஞ்சள் தீட்டிவைத்து, அவற்றை நானே கையால் தமிழாக்குகிறேன்.

பொத்தான்களின் மேல் இருக்கும் பெரிய எழுத்தைப் பொருட்படுத்தாதீர்கள், அது அலங்காரம். பல இடங்களில் எழுதியவர் சிறிய எழுத்தில்தான் எழுதியிருப்பார், வடிவமைப்பவர் இந்த ஒரு வரியால் பெரிதாக்கியிருப்பார்:

```
text-transform: uppercase;
```

தமிழில் இந்த வரியால் எதுவும் மாறாது, மாற வேண்டிய தேவையும் இல்லை.

ஏட்டுச்சுவடி

நம் எழுத்தில் பெரிது சிறிது இல்லை என்பதைப் பெருமையாகச் சொல்லலாம். தடித்த எழுத்தில் போட்டால் போதாதா?

மெய்ப்புக்காரி

போதாது. தடித்த எழுத்து அச்சில் தலைப்பு மாதிரியோ பாடநூல் மாதிரியோ இருக்கும். எரிச்சலில் இருக்கும் பெண் ஒரு சொல்லைத் தேர்ந்தெடுத்துத் தடிப்பாக்கி அனுப்புவாளா? வியப்புக்குறியும் வேண்டாம். அது குரலை உயர்த்தும். இந்த வரியில் குரல் உயரவில்லை, பல் கடிக்கிறது.

நிழல்வரி

மெய்ப்புக்காரி சரியான சொல்லைப் பிடித்துவிட்டார். இந்த வரியில் சொற்கள் ஒன்று சொல்கின்றன, பெரிய எழுத்து அதை மறுக்கிறது. கோபம் இல்லை என்கிறாள், சொல்லும் விதத்தில் கோபம் இருக்கிறது. தமிழில் அழுத்தம் என்றால் எல்லோருக்கும் உடனே ஏகாரம் நினைவுக்கு வரும். "எனக்குக் கோபமே இல்லை" என்று போடுவார்கள். அழுத்தம் வந்துவிட்டது, ஆனால் தவறான இடத்தில். "கோபமே இல்லை" என்பது சமாதானம். தோளில் கை போட்டுச் சொல்வது. ஆங்கிலத்தில் அழுத்தம் கோபத்தின் மேல் விழவில்லை, மறுப்பின் மேல் விழுகிறது. அதே ஏகாரத்தை "என்றேன்" என்ற வினையின் மேல் வைத்துப் பாருங்கள்: "எனக்குக் கோபம் இல்லை என்றேனே." இப்போது பல் கடிக்கிறது.

பொத்தான்

ஆனால் "என்றேனே" என்றால் முன்பே ஒருமுறை சொல்லியிருக்க வேண்டும். மூலத்தில் அப்படி இருக்கிறதா? இல்லையென்றால் இல்லாத ஒரு செய்தியை நீங்கள் சேர்த்துவிட்டீர்கள். "இல்லவே இல்லை" என்று மறுப்பை இரட்டிப்பது பாதுகாப்பானது.

நிழல்வரி

"இல்லவே இல்லை" எனக்குச் சத்தியம் செய்வதுபோல ஒலிக்கிறது. குற்றம் சாட்டப்பட்டவர் சொல்வது. ஆனால் உங்கள் ஆட்சேபம் நியாயமானது, கதிர்மொழிதான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

ஓய்வுபெற்றவன்

ஒரு சந்தேகம். என் நண்பர் ஒருவர் ஆங்கிலத்தில் எதை அனுப்பினாலும் எல்லாமே பெரிய எழுத்துதான். பிறந்தநாள் வாழ்த்துகூட. அவர் பல ஆண்டுகள் தந்தி அலுவலகத்தில் வேலை செய்தவர். அவர் கத்துகிறார் என்றா கொள்ள வேண்டும்?

பொத்தான்

இல்லை ஐயா. தந்தி இயந்திரத்தில் ஒரே வகை எழுத்துதான் இருந்தது, அது அவர் கைப்பழக்கம். அவர் என்றைக்காவது சிறிய எழுத்தில் அனுப்பினால் அன்று நலம் விசாரியுங்கள்.

தமிழை ஆங்கில விசைகளால் ஒலிப்படி தட்டச்சு செய்பவர்களுக்குப் பெரிய எழுத்து இன்னொரு தொல்லை. பல விசைமுறைகளில் பெரிய எழுத்து ண, ள, ற ஆகியவற்றுக்கு உரியது. பெரிய எழுத்துப் பூட்டைத் திறக்க மறந்தால் கத்துவதற்குப் பதில் எழுத்துப்பிழைதான் வரும்.

கதிர்மொழி

பார்த்துவிட்டேன். கோபம் இல்லை என்று தங்கை அதற்கு முன் எங்கும் சொல்லவில்லை. அக்கா "நீ கோபமாக இருக்கிறாய்." என்று அனுப்புகிறாள், இது அதற்குப் பதில். எனவே "என்றேனே" கையைவிட்டுப் போனது. "கோபமாக இருக்கிறேன் என்று நான் சொன்னேனா." என்று கேள்விக்குறி இல்லாமல் புள்ளியோடு எழுதிப் பார்த்தேன். பல் கடிக்கிறது, புள்ளிக்கும் வேலை கிடைக்கிறது. ஆனால் மூலத்தில் அவள் மறுக்கிறாள், இங்கே மறுக்காமல் நழுவுகிறாள். நிழல்வரி இதை ஏற்பார், பொத்தான் ஏற்க மாட்டார் என்று நினைக்கிறேன்.

பொத்தான்

ஏற்கவில்லை. பின்னால் அக்கா எங்காவது "இல்லை என்று நீதானே சொன்னாய்" என்று திருப்பிக் கேட்டால் என்ன செய்வீர்கள்?

கதிர்மொழி

12 பக்கம் தள்ளி அப்படித்தான் கேட்கிறாள். அதனால் இப்போதைக்கு "கோபம் இல்லை. போதுமா." என்று வைத்திருக்கிறேன். மறுப்பும் இருக்கிறது, கடுகடுப்பும் இருக்கிறது; ஒரு சொல் மட்டும் என் கையிலிருந்து சேர்ந்தது. அது இன்னும் உறுத்துகிறது.

மெய்ப்புக்காரி சொன்னபடி படியின் முதல் பக்கத்தில் குறிப்பு எழுதி அனுப்பினேன். தங்கையின் 39 செய்திகளுக்கும் புள்ளி போய்விட்டது, "சரி." தனியாக நிற்கிறது. இன்று திருத்திய படி வந்தது. அக்காவின் அந்த ஒரு செய்தி இப்படி இருக்கிறது: "அம்மா விழுந்துவிட்டாள். வீட்டுக்கு வா." மிக அழகாக இரண்டு புள்ளிகள். தங்கையைப் பற்றி எழுதிய நான் அக்காவைப் பற்றி எழுத மறந்துவிட்டேன்.

மெய்ப்புக்காரி

இரண்டு புள்ளிகளையும் வட்டமிட்டு "நீக்கவும், வேண்டுமென்றே விட்டது" என்று ஓரத்தில் எழுதுங்கள். வெறும் "நீக்கவும்" என்று மட்டும் எழுதினால் அடுத்த சுற்றில் இன்னொருவர் திரும்ப வைத்துவிடுவார்.